முட்டை ஓட்டுப் பொடி: சாப்பிடலாம், ஆனால் மாத்திரை என்று நினைத்துச் சாப்பிடுங்கள்

முட்டை ஓட்டைப் பொடித்துச் சாப்பிட்டால் எலும்பு பலப்படும் என்ற வீடியோ வாட்ஸ்அப்பில் மறுபடியும் சுற்ற ஆரம்பித்திருக்கிறது. மதுரையில் மருந்துக் கடை கவுண்டரில் நிற்கிறவன் என்பதால் அதைப் பற்றிய கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. "நல்லதா, கெட்டதா, ஒத்தை வார்த்தையில் சொல்லுங்க" என்பார்கள். ஒத்தை வார்த்தையில் சொல்ல முடியாது, அதனால்தான் இந்தப் பதிவு.

ஓட்டில் ஏறத்தாழ 95 சதவீதம் கால்சியம் கார்பனேட். நாங்கள் கடையில் விற்கும் சாதாரண கால்சியம் மாத்திரையிலும் இதே பொருள்தான். அந்த அட்டையைத் திருப்பிப் பாருங்கள். கால்சியம் கார்பனேட் 1250 மி.கி., அதிலிருந்து கிடைக்கும் கால்சியம் 500 மி.கி. என்று போட்டிருக்கும். ஓட்டுப் பொடியிலும் கிட்டத்தட்ட அதே கணக்கு: ஒன்றேகால் கிராம் பொடி ஒரு மாத்திரைக்குச் சமம். ஆகவே "இது இயற்கை, மாத்திரை கெமிக்கல்" என்ற பேச்சை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மாத்திரைக்கு என்னென்ன பத்தியமோ அத்தனையும் இதற்கும் உண்டு. அதை யாரும் சொல்லாமல் விடுவதுதான் எனக்குக் கோபம்.

உசிலம்பட்டிப் பக்கமிருந்து ஒரு அம்மா எங்கள் கடைக்கு வருவார். அறுபதைத் தொட்ட வயது. தைராய்டு மாத்திரை பல வருடமாக ஒரே அளவில் ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று அசதி, காலெல்லாம் கனம். ரத்தப் பரிசோதனையில், தைராய்டு போதவில்லை என்றால் கூடும் டிஎஸ்ஹெச் ஏறியிருந்தது. டாக்டர் மாத்திரை அளவைக் கூட்டி எழுதிக் கொடுத்திருந்தார். சீட்டைப் பார்த்துவிட்டு, புதுசாக ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன்.

"மருந்து ஒண்ணும் புதுசா இல்ல தம்பி. முட்டை ஓட்டுப் பொடி மட்டும் காலையில கேப்பைக் கஞ்சியில ஒரு கரண்டி போட்டுக் குடிக்கிறேன். மகதான் செஞ்சு குடுத்துச்சு."

"தைராய்டு மாத்திரை எப்பம்மா போடுறீங்க?"

"எந்திரிச்சதும் போடுவேன். அரை மணி நேரத்துல கஞ்சி."

விஷயம் இங்கேதான் இருக்கிறது. குடலில் கால்சியம் தைராய்டு மாத்திரையைப் பிடித்துக்கொள்ளும், ரத்தத்தில் சேர விடாது. இரண்டுக்கும் நடுவே குறைந்தது 4 மணி நேரம் இருக்க வேண்டும். பொடி விஷயம் தெரியாததால் டாக்டர் அளவைக் கூட்டிவிட்டார். நாளைக்கு அந்த அம்மா பொடியை நிறுத்தினால், கூட்டிய மாத்திரை முழுசாக உடம்பில் ஏறும். படபடப்பு வரும், வயதானவர்களுக்கு நெஞ்சுத் துடிப்பே தாறுமாறாகும். பொடியையும் மாத்திரையையும் நீங்களாக மாற்ற வேண்டாம், டாக்டரிடம் இதைச் சொல்லிவிட்டு வாருங்கள் என்று அனுப்பினேன். மதியச் சாப்பாட்டோடு ஒரு சிட்டிகைதான், சில வாரம் கழித்து மறுபடியும் டெஸ்ட் என்று அவர் மாற்றிக் கொடுத்தார்.

அடுத்தது அந்த "ஒரு கரண்டி". ஒரு முட்டையின் ஓடு ஐந்தாறு கிராம் இருக்கும். பொடித்தால் சுமாராக ஒரு தேக்கரண்டி, அதில் கால்சியம் 2000 மி.கி. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கே 1000 மி.கி. போதும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1200. அதில் ஒரு பங்கு கேப்பை, பால், தயிர், முள்ளோடு சாப்பிடும் நெத்திலியில் வந்துவிடும். 50 வயதைத் தாண்டியவர்கள் சாப்பாடும் சேர்த்து 2000 மி.கி.க்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. அதாவது வீடியோவில் காட்டும் ஒரே கரண்டி அந்த உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. உடம்பும் ஒரு நேரத்தில் 500 மி.கி. வரைக்கும்தான் ஒழுங்காக எடுத்துக்கொள்ளும். ஆக ஒரு வேளைக்கு ஒன்றேகால் கிராம், அதற்கு மேல் வேண்டாம்.

வீட்டுத் தராசில் ஒன்றேகால் கிராமை நிறுக்க முடியாது. 25 கிராம் பொடியை நிறுத்து எடுத்துக்கொண்டு, சின்ன அளவுக் கரண்டியால் தலை தட்டித் தட்டி எத்தனை கரண்டி வருகிறது என்று எண்ணுங்கள். இருபது வந்தால் ஒரு கரண்டி ஒன்றேகால் கிராம். அந்தக் கரண்டியை டப்பாவுக்குள்ளேயே போட்டு வையுங்கள்.

சுத்தம் செய்வதில்தான் அதிகம் பேர் கோட்டை விடுகிறார்கள். ஓட்டில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். கழுவி வெயிலில் காயப்போட்டால் போதும் என்பது தவறு. நம்மூர் சித்திரை வெயிலே ஆனாலும் அது காயத்தான் வைக்கும், கிருமியைக் கொல்லும் என்று நம்ப முடியாது. காய்ந்த பொடியில் சால்மோனெல்லா மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், காய்ந்த பிறகு சூட்டையும் நன்றாகத் தாங்கும். எனவே ஓடு ஈரமாக இருக்கும்போதே, தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது பத்து நிமிடம் விட வேண்டும். அவித்த முட்டையின் ஓடாக இருந்தாலும் உரித்த பிறகு இன்னொரு தடவை கொதிக்க வையுங்கள். எலுமிச்சைச் சாற்றில் நுரை வருவதைக் காட்டி "கிருமி சாகிறது" என்கிறார்கள். அது ஓடு கரையும்போது கிளம்பும் கார்பன் டை ஆக்சைடு.

பரோட்டாக் கடை வாசலில் கூடை கூடையாகக் கிடக்கும் ஓட்டைக் கேட்டு வாங்கி வருகிறவர்களும் இருக்கிறார்கள். பச்சை முட்டையின் வெள்ளைக் கரு ஒட்டியபடி சாயங்காலமெல்லாம் சூட்டில் கிடந்த ஓடு அது. ரோஜாச் செடிக்குப் போடுங்கள், வயிற்றுக்கு வேண்டாம். வீட்டுக் கோழி முட்டை என்றாலும், பழைய பேட்டரி உடைக்கிற இடம், பெயிண்ட் உதிர்ந்த மண் இவற்றில் மேய்கிற கோழியாக இருந்தால் ஈயம் சேர ஆபத்துண்டு. அந்த ஓட்டையும் தவிர்த்துவிடுங்கள்.

கொதித்த ஓட்டின் உள்சவ்வு வருகிற மட்டும் உரித்துவிட்டு, அடுப்பில் சின்னத் தீயில் வாணலி வைத்து, கையில் நொறுக்கினால் சடக்கென்று உடையும் வரை வறுங்கள். ஈரம் மிச்சமிருந்தால் டப்பாவில் கட்டி பிடிக்கும், பூசணம் வரும். அப்படி வந்தால் அத்தனையும் குப்பைக்கு. ஈரமில்லாத மிக்ஸி ஜாரில் அரைத்து, சித்த வைத்தியர்கள் வஸ்திரகாயம் செய்வதுபோல் மெல்லிய பருத்தித் துணியில் சலியுங்கள். விரலிடுக்கில் தேய்த்தால் பவுடர் மாதிரி வழுக்க வேண்டும். முன்பல்லில் வைத்தால் நறநறவென்றால் இன்னும் அரையுங்கள், அந்த நறநறப்புத்தான் தொண்டையையும் உணவுக்குழாயையும் கீறும்.

எப்போதும் சாப்பாட்டோடுதான் எடுக்க வேண்டும், கார்பனேட் கரைய வயிற்று அமிலம் வேண்டும். பான்டபிரசோல் போன்ற அசிடிட்டி மாத்திரை தினமும் போடுகிறவர்களுக்கு இது சரியாகக் கரையாது, கால்சியம் சிட்ரேட் மாத்திரைதான் மேல். இரும்புச்சத்து மாத்திரையை வேறு வேளைக்குத் தள்ளுங்கள். சிப்ரோஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளின் மாதிரி ஆன்டிபயாடிக் ஓடும் நாட்களில் பொடியை நிறுத்திவிடுங்கள். முட்டை அலர்ஜி, சிறுநீரகக் கல், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், டிகாக்சின் போடும் இதய நோயாளிகளுக்கும் டாக்டர் சொல்லாமல் கூடவே கூடாது. கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் அளவான கால்சியம் மாத்திரையே இலவசம், அவர்களுக்கு எதற்கு இந்தப் பொடி?

என் கருத்து இதுதான். பால் ஒத்துக்கொள்ளாத, வேறு மருந்தே எடுக்காத, நிதானமாக அளந்து செய்யத் தெரிந்தவருக்கு இது பரவாயில்லை. நாலைந்து மாத்திரை தினமும் போடும் பெரியவர்களுக்கு நான் மாத்திரையைத்தான் சொல்வேன், ஏனென்றால் அது டாக்டர் சீட்டில் ஏறும், பொடி ஏறாது.

ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் கவனியுங்கள்: மலச்சிக்கல் விடாமல் இருந்தால், தாகமும் சிறுநீரும் அதிகமானால், குமட்டல், குழப்பம் தெரிந்தால் அன்றைக்கே நிறுத்திவிட்டு ரத்தத்தில் கால்சியமும் கிரியேட்டினினும் பார்க்கச் சொல்லுங்கள். போகும்போது பொடி டப்பாவையும் அந்தக் கரண்டியையும் டாக்டரிடம் எடுத்துப் போங்கள்.