கடைக்குத் திரும்பியவனும் கரை சேராதவனும்

ப. சிங்காரம் என்றாலே எல்லோரும் ‘புயலிலே ஒரு தோணி’யைத்தான் சொல்கிறார்கள். அவருடைய முதல் நாவலான ‘கடலுக்கு அப்பால்’ அதற்கான ஒத்திகை என்ற அளவில் ஒதுக்கப்பட்டுவிடுகிறது. அவர் எழுதியதே இந்த இரண்டு நாவல்கள்தான். இரண்டுக்கும் களம் ஒன்று: கடல் தாண்டித் தென்கிழக்காசியாவுக்குப் போன நம் வட்டிக்கடைக்காரர்களின் பினாங்கு, இரண்டாம் உலகப் போர், நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம். ஆனால் போன மண்ணில் ஒருவன் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு இரண்டும் வேறு வேறு பதில் சொல்கின்றன. அந்த ஒரு விஷயத்தில் முதல் நாவலின் பார்வைதான் கூர்மையானது என்பது என் உறுதியான எண்ணம்.

சிங்காரம் இதையெல்லாம் கேள்விப்பட்டு எழுதியவர் அல்லர். சிங்கம்புணரியில் பிறந்து, 1938இல் சுமத்ராவிலுள்ள மைடான் நகருக்கு வேலைக்குப் போய், போர் முடிந்தபின் 1946இல் ஊர் திரும்பியவர். கடைக்குள் இருந்து பார்த்த கண் அவருடையது.

‘கடலுக்கு அப்பால்’ நாவலில் செல்லையா பினாங்கில் வயிரமுத்துப் பிள்ளையின் வட்டிக்கடையில் வேலை பார்த்தவன். பிள்ளையின் மகள் மரகதத்துக்கும் அவனுக்கும் காதல். இடையில் போர் வருகிறது, செல்லையா துப்பாக்கி ஏந்துகிறான். போர் முடிந்து திரும்பி வந்தவனைப் பிள்ளை மருமகனாக்க மறுக்கிறார். காரணம் சாதியோ பணமோ அல்ல. பட்டாளத்துக்குப் போய்வந்தவன் இனிக் கடையின் பணப்பெட்டியருகே, பெட்டியடியில் அடங்கி உட்கார மாட்டான் என்று அவர் கணக்குப் போடுகிறார். நாகலிங்கம் என்ற இன்னொரு பையன் அவர் கண்ணுக்குப் பொருத்தமாகத் தெரிகிறான்.

நாவலின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது. பிள்ளை கொடுமைக்காரர் அல்லர். செல்லையாவின் திறமையும் நேர்மையும் அவருக்குத் தெரியும். ஆனால் கடல் தாண்டும்போது அவர்கள் ஊரையே பெயர்த்துக்கொண்டு போயிருக்கிறார்கள். முதலாளி, மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று ஒவ்வொருவருக்கும் இடம் குறித்தாகிவிட்டது. பையன் தவணைக் கணக்கில் வேலை செய்து, ஊருக்குப் போய்க் கல்யாணம் செய்து, மறுபடி கப்பல் ஏற வேண்டும். தெருவில் மலாய்க்காரரும் சீனரும் நடக்கிறார்கள். கடைக்குள்ளோ செட்டிநாட்டுப் பேரேடு. அந்தப் பேரேட்டில் பற்று எழுத முடியாத அனுபவம் ஒன்றை ஒருவன் அடைந்துவிட்டால், அவனை வைத்துக்கொள்ள அங்கே இடமில்லை. அவனை வெளியே தள்ளுவது அந்நிய நாடு அல்ல, தன் சொந்த ஊர்க்காரர்களே. புலம்பெயர்வு பற்றிய நம் எழுத்தில் பெரும்பாலும் அந்நிய மண்தான் குற்றவாளி. சிங்காரம் 1950களிலேயே விரலை வேறு பக்கம் நீட்டிவிட்டார்.

‘புயலிலே ஒரு தோணி’யில் பாண்டியனுக்கு இந்தத் தடையே கிடையாது. அவன் யாருடைய அனுமதியையும் கேட்டு நிற்பவன் அல்லன். ஜப்பானியர் நுழைந்த மைடானில் தொடங்கி, தொங்கான் என்ற பாய்மரக் கப்பலில் மலாக்கா நீரிணையைத் தாண்டிப் பினாங்கு வந்து, ராணுவத்தில் சேர்ந்து, கடைசியில் இந்தோனேசியப் போராளிகளோடு டச்சுக்காரர்களை எதிர்த்து நிற்கிறான். சுமத்ராவிலேயே அவன் முடிவும் நேர்கிறது. தான் பிறக்காத ஒரு நாட்டின் விடுதலைக்காகத் துப்பாக்கி தூக்கும் தமிழனை அதற்கு முன் எந்த நாவலில் பார்த்தோம்?

பாண்டியனின் ஊர் நினைவு வரும் விதம்தான் இந்த நாவலின் பெரும் சாதனை. அவன் உட்கார்ந்து ஏங்குவதில்லை. பேச்சின் நடுவே, குடியின் நடுவே, மதுரைத் தெருக்களும் சின்னமங்கலத்துச் சந்தையும் அழைக்காமலே வந்து விழுகின்றன. தெருப்பெயர், கடைப்பெயர், ஆள்பெயர் என்று மூச்சுவிடாமல் அடுக்கிக்கொண்டே போகிறார் சிங்காரம். விளக்கம் இல்லை, கண்ணீர் இல்லை. பெயர்களை மட்டும் படித்துக்கொண்டே போகும்போது, இந்த ஆள் திரும்பிப் போகமாட்டான் என்பது நமக்கு விளங்கிவிடுகிறது. இப்படி எழுத வேறு ஒருவர் தமிழில் இல்லை.

ஆனாலும் எனக்கு ஒரு மனக்குறை. பாண்டியன் எங்கும் வேர் பிடிக்காதவனாக இருப்பதற்கு நாவல் அவனிடம் விலை கேட்பதில்லை. அவன் தனியாள். அவனால் வாழ்க்கை கெட்டவர் என்று சொல்ல ஒருவரும் நமக்கு முன் நிற்பதில்லை. பெண்கள் வந்து போகிறார்கள், அவ்வளவே. அலைந்து திரிபவனின் தனிமை அழகாகிவிடுகிறது. செல்லையாவின் தனிமையில் அந்த அழகு கிடையாது. அவன் இழப்பது ஒரு பெண்ணை, ஒரு வீட்டை, தன்னை மகனைப் போலப் பார்த்த ஒரு மனிதரை. அதே இழப்பில் மரகதத்துக்கும் பங்கு உண்டு. அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை என்பதையும் அந்தச் சிறிய நாவல் மறைக்காமல் காட்டுகிறது.

மொழி, வீச்சு, துணிச்சல் என்று பார்த்தால் ‘தோணி’தான் பெரிய நாவல். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கல்லூரியிலும் கூட்டங்களிலும் புலம்பெயர்வைப் பற்றிப் பேச அதை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறவர்கள், வயிரமுத்துப் பிள்ளையின் கடை வாசலில் நின்ற செல்லையாவைத் தவறவிடுகிறார்கள். இரண்டும் ஒரே தொகுதியாகவும் வந்திருக்கின்றன. முதலில் ‘கடலுக்கு அப்பால்’ படியுங்கள். பாண்டியன் ஏன் எந்தக் கடையிலும் நிலைத்து உட்காரவில்லை என்பதற்கான காரணம் அதில்தான் இருக்கிறது.