Contact.html வேற, contact.html வேற: சொல்லிச் சொல்லியே தொண்டை வறண்டுபோச்சு

"லினக்ஸ் சர்வருக்கு மாத்தினீங்க, சைட் கெட்டுப்போச்சு" என்று இனி ஒருத்தர் என்னிடம் சொன்னால் நான் மரியாதையாகப் பதில் சொல்வேன் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. லினக்ஸ் எதையும் கெடுக்கவில்லை ஐயா. அந்த சைட் பிறந்த நாளிலிருந்தே உடைந்துதான் கிடந்தது. விண்டோஸ் அதை இத்தனை வருஷமாக வெளியே தெரியாமல் மூடி மறைத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

விண்டோஸில் Rope.JPG என்று ஒரு படம் இருந்தால், rope.jpg என்று கேட்டாலும் கொடுக்கும், ROPE.Jpg என்று கேட்டாலும் கொடுக்கும். நீங்கள் வைத்த பெயரை அப்படியே காட்டும். ஆனால் தேடும்போது பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்று பார்க்காது. மேக்கிலும் வாங்கிய நிலையில் இதே கதைதான். லினக்ஸில் அந்தப் பேச்சே இல்லை. அதற்கு ஃபைல் பெயர் என்பது வெறும் பைட்டுகளின் வரிசை. பெரிய R என்றால் 82, சின்ன r என்றால் 114. எண் வேறு என்றால் ஃபைலும் வேறு. மொழி, இலக்கணம் எதுவும் அதற்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விரும்பாது.

நான் தண்டையார்பேட்டையில் உட்கார்ந்துகொண்டு சின்னச் சின்னக் கடைகளின் சைட்டுகளைப் பார்த்துக்கொடுக்கிறவன். காசிமேட்டில் வலை, கயிறு, மிதவை விற்கும் கடை ஒன்று. யாரோ ஒருத்தர் முன்பு விண்டோஸ் சர்வரில் செய்துகொடுத்துவிட்டுப் போன சைட். வாடகை குறைவு என்று லினக்ஸ் ஹோஸ்டிங்குக்கு மாற்றச் சொன்னார் முதலாளி. அதுவும் எப்போது? மீன்பிடித் தடைக்காலத்தில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது. படகைக் கரையில் ஏற்றி மராமத்து பார்த்து, வலை மாற்றுகிற நேரம். நாகப்பட்டினம், கடலூர்க்காரர்கள் எல்லாம் விலை பார்க்க சைட்டுக்கு வருகிற நேரம்.

ஃபோல்டரை அப்படியே காப்பி பண்ணி ஏற்றியாச்சு. திறந்தால் முதல் பக்கமே இல்லை, அனுமதி இல்லை என்கிற 403 பிழை. காரணம், முதல் பக்கத்தின் பெயர் `Index.htm`. விண்டோஸ் சர்வர் `index.htm` என்று தேடும், `Index.htm` கிடைத்தால் எடுத்துக்கொள்ளும். லினக்ஸ் ஹோஸ்டிங்கில் ஓடுகிற சர்வர் மென்பொருளான அப்பாச்சிக்கு i சின்னதாக இருக்க வேண்டும். சரி, அதை மாற்றினால் பக்கம் வருகிறது, ஆனால் கலரும் இல்லை கட்டமும் இல்லை, அம்மணமாக நிற்கிறது. உள்ளே `css/style.css` என்று எழுதியிருக்கிறது, ஃபோல்டரின் பெயரோ `CSS`. இதெல்லாம் கண்ணுக்கு உடனே தெரியும், அதனால் எனக்குக் கோபம் குறைவு.

வயிற்றெரிச்சல் படங்களில்தான். பாதி வருகிறது, பாதி வரவில்லை. முதலாளி போனில், "இன்னா தம்பி, பழைய போட்டோ எல்லாத்தையும் அழிச்சுட்டியா? புதுசு மட்டும் வருது" என்கிறார். நான் எதையும் அழிக்கவில்லை. ஆனால் அவர் சொன்னதில் ஒரு துப்பு இருந்தது. பழைய படங்கள் எல்லாம் டிஜிட்டல் கேமராவில் எடுத்தவை. கேமரா `DSC_0412.JPG` என்று வாலை கேப்பிட்டலில் வைக்கும். புதிய படங்கள் போனில் எடுத்து வாட்ஸ்அப்பில் வந்தவை. அதில் `.jpg` சின்ன எழுத்து. சைட் செய்தவர் எல்லாப் பக்கத்திலும் `.jpg` என்றே அடித்துவைத்திருக்கிறார். ஏன் அவர் கவனிக்கவில்லை என்று கேட்டால், அதற்கும் விண்டோஸ்தான் பொறுப்பு. தெரிந்த வகை ஃபைல்களின் வாலை விண்டோஸ் வாங்கிய நிலையிலேயே மறைத்துவைக்கும். அந்த மனுஷனுக்கு அது JPG என்று கடைசிவரை கண்ணிலேயே பட்டிருக்காது! தப்பு நடக்கவும் வழி செய்து, நடந்த தப்பைப் பார்க்கவும் விடாமல் ஒரு சிஸ்டம்.

இதில் இன்னொரு கூத்து. "கார்டுல சைட் பேரை எல்லாம் கேப்பிட்டல்லதான் அடிச்சிருக்கேன், அது மட்டும் எப்படி வருது?" என்று கேட்டார் முதலாளி. நியாயமான கேள்வி. டொமைன் பெயரில் பெரிசு சின்னது பார்ப்பதில்லை. அதற்குப் பின்னால் வருகிற முதல் சாய்கோட்டிலிருந்து சர்வரின் ராஜ்ஜியம். ஒரே முகவரியில் பாதிக்கு ஒரு சட்டம், மீதிக்கு வேறு சட்டம். தமிழில் எழுதிப் படித்தவரிடம், எழுத்தில் பெரிசு சின்னது என்பதே இல்லாதவரிடம், இதை எப்படி விளக்குவது?

உண்மையிலேயே காசு போன இடம் விலைப்பட்டியல். முதலாளி சிரமப்படக் கூடாதென்று சர்வரில் ஃபைல் ஏற்றுவதற்கான எஃப்.டி.பி. வசதியைக் கடைப் பையனிடம் கொடுத்திருந்தேன். சர்வரில் இருந்தது `PriceList.pdf`. பையன் புது விலையைப் போட்டு `Pricelist.pdf` என்று ஏற்றினான். விண்டோஸ் சர்வராக இருந்தால் பழையதன் மேல் புதியது உட்கார்ந்திருக்கும். லினக்ஸில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் சமாதானமாக இருந்தன. பக்கத்தில் உள்ள லிங்க் பழைய பெயரைத்தான் காட்டுகிறது, அதனால் பார்க்கிறவருக்கெல்லாம் பழைய விலை. 404 இல்லை, எச்சரிக்கை இல்லை, எதுவும் இல்லை. வலை வாங்க வந்தவர் போனை நீட்டி, "உங்க சைட்ல இந்த ரேட்தான போட்டிருக்கு" என்று கவுண்ட்டரில் சண்டைக்கு நின்றபோதுதான் தெரிந்தது. லிங்க் உடைந்தால்கூடக் கண்டுபிடித்துவிடலாம். உடையாமல் பொய் சொல்கிற லிங்க்கை என்ன செய்வது?

அதனால் பெயர்களை மாற்றப் போவதற்கு முன் முதலில் இதைத்தான் ஓட்ட வேண்டும்:

```
find . | tr 'A-Z' 'a-z' | sort | uniq -d
```

எல்லாப் பெயரையும் சின்ன எழுத்தாக்கினால் எவையெல்லாம் ஒன்றோடொன்று மோதும் என்று இது காட்டும். ஒரு வரி வந்தால்கூட நிறுத்திவிட்டு, அந்த இரண்டில் எது புதியது என்று கையால் பார்த்துத் தீர்க்க வேண்டும். இதைச் செய்யாமல் மொத்த ஃபோல்டரையும் விண்டோஸ் லேப்டாப்பில் இறக்கி அங்கே சரிசெய்யப் போகிறவர்கள் இருக்கிறார்கள். இறக்கும்போதே இரண்டில் ஒன்று காணாமல்போகும். எது போகும் என்பது உங்கள் அதிர்ஷ்டம்.

மோதல் இல்லை என்று உறுதியான பிறகு, ஒரு பேக்கப் எடுத்துவிட்டு, சைட் ஃபோல்டருக்குள் நின்று:

```
find . -depth -execdir rename 'y/A-Z/a-z/' {} \;
```

`-depth` அவசியம். உள்ளே இருக்கிற ஃபைலை முதலில் மாற்றி, கடைசியில் ஃபோல்டரை மாற்றும். இல்லாவிட்டால் ஃபோல்டர் பெயர் மாறியபின் உள்ளே போக வழி தெரியாமல் முழிக்கும். இங்கேயும் ஒரு கடுப்பு: இந்த `rename` உபுண்டு, டெபியனில் கிடைக்கும் பெர்ல் வகை. ஃபெடோரா பக்கம் அதே பெயரில் வேறொரு கருவி இருக்கிறது, அதற்கு இந்த எழுத்துமுறை புரியாது. ஒரே பெயருக்குள்ளேயே இரண்டு ஆள்!

ஃபைல் பெயரை மாற்றினால் வேலை பாதிதான். பக்கங்களுக்குள் இருக்கிற லிங்க்குகளையும் மாற்ற வேண்டும். உதவிக்கு வந்த ஒரு தம்பி இங்கே புத்திசாலித்தனமாக `href`, `src` என்று இருந்த எல்லாவற்றையும் ஒரே அடியில் சின்ன எழுத்தாக்கிவிட்டான். சொந்தப் படங்கள் எல்லாம் வந்துவிட்டன. வலை பின்னும் யூடியூப் வீடியோ மட்டும் செத்துவிட்டது. யூடியூப் வீடியோவின் அடையாளத்தில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறுவேறு. மாற்றினால் அது வேறொரு வீடியோ, அல்லது எதுவுமே இல்லை. `http` என்று தொடங்குகிற வெளி லிங்க்கைத் தொடவே கூடாது. நம்ம ஃபோல்டருக்குள் இருப்பதை மட்டும் மாற்ற வேண்டும். ஸ்டைல் ஃபைலுக்குள் `url(...)` என்று இருப்பதையும் மறக்கக் கூடாது; பின்னணிப் படங்கள் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

முடித்தபின் கண்ணால் பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. `wget --spider -r -p` என்று சைட் முகவரியோடு ஓட்டினால் ஒவ்வொரு லிங்க்காகத் தட்டிப் பார்த்து, உடைந்தவற்றைக் கடைசியில் பட்டியல் போடும். ஜாவாஸ்கிரிப்ட் ஓடும்போது சேர்த்துக் கட்டுகிற முகவரிகள் மட்டும் அதன் கண்ணில் படாது. அதற்கு சில நாள் கழித்து சர்வரின் அக்செஸ் லாகைத் திறந்து 404 வரிகளைத் தேட வேண்டும். அங்கேதான் வெளியிலிருந்து வருகிறவர்கள் தெரிவார்கள்: கூகுளிலும் பழைய வாட்ஸ்அப் மெசேஜிலும் இருக்கிற `Contact.html` முகவரி. அவர்களுக்காக `.htaccess` ஃபைலில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி:

```
Redirect 301 /Contact.html /contact.html
```

"இவ்வளவு எதுக்கு, அப்பாச்சியில `mod_speling` இருக்கே, `CheckSpelling On`, `CheckCaseOnly On` போட்டா முடிஞ்சுதே" என்று ஒரு மேதாவி நிச்சயம் வருவார். தெரியும் சாமி. அந்த மாட்யூல் ஏற்றப்பட்டிருக்கிற சர்வரில் வேலை செய்யும். நம்ம மலிவு ஹோஸ்டிங்கில் அது இல்லாமல் `.htaccess`-இல் எழுதினால் சைட் முழுக்க 500 பிழைதான். மாட்யூல் இருக்கிற இடத்திலும், ஒவ்வொரு தப்பான கோரிக்கைக்கும் ஃபோல்டரைத் துழாவி, சரியான பெயரைக் கண்டுபிடித்து, பிரவுசரைத் திருப்பி அனுப்பும். நூறு படம் உள்ள பக்கத்தில் நூறும் இப்படிச் சுற்றிவந்தால் காசிமேட்டு சிக்னலில் திறக்கிறவன் பாவம். எல்லாவற்றுக்கும் மேல், அது விலைப்பட்டியலைக் காப்பாற்றாது. இரண்டு ஃபைலும் உயிரோடு இருக்கும்போது அதற்குத் திருத்த என்ன இருக்கிறது?

எனக்கு ஆற மாட்டாத கோபம் எதில் என்றால், இதையெல்லாம் மாற்றுவதற்கு முன்பே விண்டோஸிலேயே சோதித்துப் பார்க்கலாம். 2018-இல் வந்த விண்டோஸ் 10, 1803 பதிப்பிலிருந்து, ஒரு ஃபோல்டரை மட்டும் லினக்ஸ் மாதிரி கறாராக்க முடியும். அதற்கு விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டுகிற WSL என்னும் துணை அமைப்பு இயக்கப்பட்டிருக்க வேண்டும். அட்மினாகத் திறந்த கமாண்ட் பிராம்ப்டில்:

```
fsutil file setCaseSensitiveInfo C:\site enable
```

காலி ஃபோல்டரில் இதைப் போட்டுவிட்டு, அப்புறம் சைட்டை அதற்குள் காப்பி பண்ண வேண்டும். ஏற்கெனவே உள்ளே இருக்கிற துணை ஃபோல்டர்களுக்கு இது தானாக இறங்காது. மேக் வைத்திருக்கிறவர்கள் டிஸ்க் யூட்டிலிட்டியில் `APFS (Case-sensitive)` என்று ஒரு வால்யூம் போட்டுக்கொள்ளலாம். அங்கேயே திறந்து பார்த்தால் காணாத படம், அம்மணப் பக்கம் எல்லாம் தடைக்காலத்துக்கு முன்பே, யாரும் போன் பண்ணாமலே தெரிந்திருக்கும். முதலில் செய்துகொடுத்தவர் இதைச் செய்யவில்லை. ஹோஸ்டிங் விற்கிறவர் "ஈஸி மைக்ரேஷன்" என்று விளம்பரம் போட்டாரே ஒழிய, இதில் ஒரு வரிகூடச் சொல்லவில்லை. திட்டு வாங்குகிறவன் மட்டும் கடைசியாகத் தொட்டவன்.