அந்த பாட்டிலில் முதலில் தண்ணீர் பிடித்து வைத்தது நாம்தான்

அக்கா மகனுக்கு அப்போது இரண்டரை வயது. வீட்டு ஜன்னல்களுக்கு பெயின்ட் அடித்து முடித்த மறுநாள். மிஞ்சிய டர்பன்டைனை பெயின்டர் ஒரு பழைய கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி, "வெச்சுக்குங்க, பிரஷ் கழுவ ஆகும்" என்று கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அக்கா அதைச் சமையலறை ஜன்னல் திண்டில் வைத்தாள். பக்கத்தில் அதே அளவு பாட்டிலில் சமையல் எண்ணெய். ஃபிரிட்ஜுக்குள் அதே மாதிரி நான்கு பாட்டில்களில் தண்ணீர். கையில் ஒட்டிய பெயின்டைத் துடைக்கக் காலையில் அந்த பாட்டிலைத் திறந்தது நான். மூடியைச் சரியாகத் திருகாமல் விட்டதும் நான்தான். அதைச் சொல்லிவிட்டே மற்றதைச் சொல்கிறேன்.

பையன் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறியிருக்கிறான். நாங்கள் கேட்டது இருமல் சத்தத்தைத்தான். போய்ப் பார்த்தால் சட்டை முன்பக்கம் முழுக்க நனைந்து, வாயைத் திறந்தபடி இருமிக்கொண்டு நிற்கிறான். அறை முழுக்க பெயின்ட் வாடை.

அம்மா ஓடி வந்து, வாந்தி எடுக்க வைக்க அவன் தொண்டைக்குள் விரலை விடப் போனார். அடுத்த வீட்டில் இருந்தவர் நர்ஸ். சத்தம் கேட்டு வந்தவர் அம்மாவின் கையைப் பிடித்து நிறுத்தினார். "வாந்தி எடுக்க வைக்காதீங்கம்மா, வயித்துல இருக்கிறது அங்கேயே இருக்கட்டும்" என்றார். எங்களுக்கு அது புரியவே இல்லை. விஷம் உள்ளே போனால் வெளியே எடுக்க வேண்டும் என்பதுதானே எல்லோருக்கும் தெரிந்தது?

காரணத்தை மருத்துவமனையில் விளக்கினார்கள். டர்பன்டைன், தின்னர், மண்ணெண்ணெய், பெட்ரோல் எல்லாம் தண்ணீரைப் போலவோ அதைவிடவோ எளிதாக ஓடுபவை. ஒரு பரப்பில் பட்டதும் மெல்லிய படலமாகப் பரவிவிடும். வயிற்றுக்குள் போன ஒரு மடக்கால் பெரும்பாலும் பெரிய கெடுதல் வராது. அதுவே மேலே ஏறி வரும்போது சில சொட்டு மூச்சுக்குழாயில் இறங்கினால் நுரையீரலின் உள்சுவர் முழுக்கப் பரவிப் புண்ணாக்கிவிடும். அதற்கு ஒரு மில்லிலிட்டர்கூடப் போதும். வாந்தி எடுக்க வைப்பது என்றால் அதே திரவத்தை மறுபடி ஒருமுறை தொண்டை வழியாகக் கொண்டுவந்து, நுரையீரலுக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுப்பது. சமையல் எண்ணெய் கெட்டியானது என்பதால் அப்படிச் சுலபமாக உள்ளே ஓடாது. ஒரே மாதிரி பாட்டிலில் பக்கத்து பக்கத்தில் இருந்த இரண்டுக்கும் அவ்வளவு வித்தியாசம்.

அந்த நர்ஸ் செய்தது இவ்வளவுதான்: நனைந்த சட்டையைக் கழற்றினார், வாயைத் துடைத்தார், மார்பையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவினார், பாலோ தண்ணீரோ எதுவும் குடிக்கக் கொடுக்கவிடவில்லை. சட்டையில் ஊறியது தோலைப் புண்ணாக்கும், அதன் ஆவியையும் அவன் சுவாசித்துக்கொண்டே இருப்பான். பிறகு, "பாட்டிலையும் எடுத்துக்குங்க" என்றார்.

மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே "என்ன குடித்தான்?" என்பதுதான். டர்பன்டைன் என்றோம். "அதிலேயே வகை இருக்கிறது, வேறு ஏதாவது கலந்திருக்கா?" என்று கேட்டார். யாருக்குத் தெரியும்? பாட்டிலைச் சுற்றி இருந்தது ஆரஞ்சுச் சாறு படம். பெயின்டருக்கு போன் போட்டு, அவர் எடுக்க இருபது நிமிடம் ஆனது. அசல் டப்பாவின் லேபிளில் பொருளின் பெயர், என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக்கூடாது எல்லாம் அச்சடித்திருக்கும். வேறு பாட்டிலுக்கு மாற்றிய அந்த நிமிடமே அது நம் கையை விட்டுப் போய்விடுகிறது.

இருமல் நிற்கவில்லை, மூச்சு வேகமாக இருந்தது. ஆக்ஸிஜன் வைத்தார்கள். முதலில் எடுத்த எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்றதும் நாங்கள் வீட்டுக்குக் கிளம்பத் தயாரானோம். மருத்துவர் விடவில்லை. அறிகுறி ஒன்றுமே இல்லாத குழந்தையைக்கூடக் குறைந்தது ஆறு மணி நேரம் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவார்களாம், எக்ஸ்ரேயில் பாதிப்பு தெரியவே பல மணி நேரம் ஆகலாமாம். அன்று இரவு காய்ச்சல் வந்தது. மறுநாள் படத்தில் வலப்பக்கம் அடியில் வெள்ளையாக ஒரு திட்டு. நான்காம் நாள் வீட்டுக்கு வந்தான். இப்போது பள்ளிக்கூடம் போகிறான், அதெல்லாம் அவனுக்கு ஞாபகமே இல்லை.

சரி, தப்பு யாருடையது? எல்லோரும் பெயின்டரைத் திட்டினார்கள். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். அந்த பாட்டிலில் இருப்பதைக் குடிக்கலாம் என்று பையனுக்குச் சொல்லிக்கொடுத்தது நாங்கள். தினமும் நாலைந்து முறை அதே மாதிரி பாட்டிலிலிருந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்திருக்கிறோம். டர்பன்டைனுக்கும் நிறம் இல்லை, தண்ணீருக்கும் இல்லை. அவன் கற்றதைத்தான் செய்தான். ரசாயனத்தை அந்த பாட்டிலில் ஊற்றாதீர்கள் என்று மட்டும் சொல்வது பாதிப் பேச்சு. எண்ணெயும் தண்ணீரும் அதில் இருக்கும் வரை, யாரோ ஒருவர் வெளியிலிருந்து கொண்டுவரும் ஒரே ஒரு பாட்டில் போதும்.

பெரியவர்களுக்கு வாடை தெரியாதா என்பார்கள். தாகத்தில் அண்ணாந்து ஊற்றிக்கொள்பவருக்கு வாடை தெரிவது விழுங்கிய பிறகுதான். பாராகுவாட் என்ற களைக்கொல்லியின் கதையே சாட்சி. கோலா மாதிரி பழுப்பாக இருந்த அதைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைத்து, தெரியாமல் குடித்து இறந்தவர்கள் ஏராளம். அதனால்தான் பிற்பாடு அதில் நீலச்சாயமும் நாற்றமும் வாந்தி மருந்தும் சேர்த்தார்கள். அடர்திரவம் ஒரு மடக்கே உயிரைக் குடிக்கும், முறிவு மருந்தும் கிடையாது. வாந்தி எடுக்க வைக்காமல் இருந்தாலே போதும் என்று வீட்டில் உட்கார்ந்துவிடக்கூடாது. எதைக் குடித்தார் என்பதைப் பொறுத்து மருத்துவமனையில் செய்யும் சிகிச்சை மாறும், உடனே கிளம்புவது ஒன்றுதான் பொது.

"பெயர் எழுதி ஒட்டினால் போதுமே" என்று நண்பர் ஒருவர் சொன்னார். எழுதிப் பாருங்கள். மார்க்கரில் எழுதிய எழுத்தின் மேல் டர்பன்டைன் ஒரு சொட்டு வழிந்தால் எழுத்து கரைந்து ஓடிவிடும். எண்ணெய்க் கை பட்ட காகிதம் ஒரு வாரத்தில் உரிந்துவிடும். இரண்டரை வயதுக்காரனுக்குப் படிக்கவும் தெரியாது.

நன்றாகக் கழுவிவிட்டால் மறுபடி பயன்படுத்தலாமா என்பது அடுத்த கேள்வி. கூடாது. இந்த பாட்டிலின் பிளாஸ்டிக், டர்பன்டைன் போன்ற கரைப்பானைக் கொஞ்சம் உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பிறகு ஊற்றுகிற தண்ணீரிலும் எண்ணெயிலும் மெதுவாக விடும். பிளாஸ்டிக் பாட்டில்களைத் திரும்ப வாங்கி நிரப்பும் ஆலைகளில், ஒவ்வொரு பாட்டிலையும் மோப்பம் பிடித்து, பெட்ரோல், மண்ணெண்ணெய் வாடை வந்தால் ஒதுக்கித் தள்ளவே தனியாக இயந்திரம் இருக்கிறது. கழுவினால் போகும் என்றால் அந்தச் செலவை எந்த ஆலைக்காரர் செய்வார்?

அக்கா வீட்டில் இப்போது எண்ணெய் வாங்கிய டப்பாவிலேயே இருக்கிறது, தண்ணீருக்கு ஸ்டீல் பாட்டில். பெயின்ட் சாமான்கள் அசல் டப்பாவோடு பூட்டிய அலமாரியில். கூல்டிரிங்க்ஸ் வாங்கினால், காலியானதும் பாட்டிலை மிதித்து நசுக்கிவிட்டுத்தான் குப்பையில் போடுகிறாள். அம்மாவுக்கு மட்டும் இன்னும் மனசு ஆறவில்லை. போன வாரம்கூட, "நல்ல கெட்டி பாட்டில், இப்படி நாசம் பண்றாளே" என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்.