துணிந்தவனுக்கு அதிர்ஷ்டம் துணை: எந்த எழுத்தில்?

இத்தாலியக் கட்டுரைகளில் நடுநடுவே லத்தீன் வரிகள் வரும். பெரும்பாலும் அவற்றுக்கு அர்த்தமும் போட மாட்டார்கள், வாசிப்பவருக்குத் தெரியும் என்று விட்டுவிடுவார்கள். அந்த வரிகளில் ஒன்றுதான் "துணிந்தவர்களுக்கு அதிர்ஷ்டம் துணை". இதை ஒருவர் 'அவுதாசெஸ் ஃபொர்த்தூனா யூவத்' என்று எழுதுவார், இன்னொருவர் 'அவுதென்தெஸ்' என்பார், மூன்றாமவர் 'அவுதென்திஸ்' என்பார். பச்சை குத்தப்போகிற யாராவது மூன்றாவதைக் காட்டிச் சரியா என்று கேட்டால் போதும், "எழுத்துப்பிழை, 'தெஸ்' என்று மாற்றுங்கள்" என்று உடனே நாலு பேர் வந்துவிடுவார்கள்.

எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். அது பிழையே இல்லை. ரோமானியக் கவிஞர் வெர்ஜிலின் ஈனியட் காவியத்தில் 10ஆம் காண்டம் 284ஆவது வரியை நல்ல பதிப்பில் எடுத்துப் பாருங்கள், 'திஸ்' என்றுதான் இருக்கும். இந்த வகைச் சொற்களுக்கு இரண்டாம் வேற்றுமைப் பன்மையில் பழைய ஈறு 'ஈஸ்', பிறகு பரவியது 'ஏஸ்'. பள்ளி இலக்கணம் பின்னதைத்தான் முதலில் சொல்லித் தருகிறது, அதனால் முன்னது தப்பாகத் தெரிகிறது.

இதே வலை ரோமானிய நாடகாசிரியர் டெரன்ஸின் ஃபொர்மியோ நாடகத்திலும் உண்டு. அங்கே வரி 'ஃபொர்திஸ் ஃபொர்த்தூனா அத்யூவத்', அதாவது துணிச்சலானவர்களுக்கு அதிர்ஷ்டம் உதவுகிறது. 'ஃபொர்திஸ்' என்பதை ஒருமை எழுவாய் வடிவம் என்று எடுத்துக்கொண்டால் "துணிச்சலான அதிர்ஷ்டம் உதவுகிறது" என்று வந்து நிற்கும். உதவுவது யாருக்கு என்பதே காணாமல் போய்விடும். மொழிபெயர்ப்பு இப்படி மொட்டையாக நின்றால் ஈற்றைத் தப்பாகப் படித்திருக்கிறோம் என்று அர்த்தம்.

'அவுதாசெஸ்' வடிவம் லத்தீனாகச் சரி, ஆனால் வெர்ஜில் எழுதியது அல்ல. இத்தாலியக் கட்டுரையாளர் அதை வெர்ஜில் பெயரில் போட்டிருந்தால், மொழிபெயர்ப்பவர் சத்தமில்லாமல் மாற்றக்கூடாது என்பது என் கட்சி. அவர் எழுதியதை அப்படியே வைத்து அடிக்குறிப்பு போடலாம். பச்சை குத்துகிறவருக்கு அந்த வசதி இல்லை, தோலில் அடிக்குறிப்பு போட முடியாதே! அவர் முன்கூட்டியே எது வேண்டும் என்று முடிவு செய்துகொள்ள வேண்டும்.

அப்புறம், அந்த வரியைச் சொல்வது யார் என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். காவிய நாயகன் ஈனியஸின் கப்பல்கள் கரை சேரும்போது, அவனை எதிர்க்கும் டர்னஸ் தன் ஆட்களுக்கு உற்சாகமூட்டச் சொல்வது அது. காவியம் முடிவதே ஈனியஸ் கையில் டர்னஸ் சாவதோடுதான். தெரிந்தே குத்திக்கொண்டால் சரி, அது அவரவர் விருப்பம்.

கல்வெட்டு மாதிரி பெரிய எழுத்தில் வேண்டும் என்கிறவர்களுக்கு இன்னொன்று. ரோமானியர்களின் பெரிய எழுத்தில் 'உ' ஒலிக்கும் 'வ' ஒலிக்கும் ஒரே 'வி' எழுத்துதான், அதனால் 'யூவத்' என்ற சொல்லில் இரண்டு 'வி' அடுத்தடுத்து நிற்கும். அதைப் பிழை என்று ஒன்றை 'யு' ஆக்கிவிட்டு, பக்கத்துச் சொல்லில் 'வி'யை அப்படியே விட்டால் இரண்டும் கெட்டானாகிவிடும். ஒரு சொல்லில் 'வி' என்றால் எல்லாவற்றிலும் 'வி'. செய்தியில் தட்டச்சு செய்ததை மட்டும் பார்த்துச் சரி சொல்லாமல், தோலில் ஒட்டப்போகிற அச்சுத்தாளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள்.