தோண்டித் தோண்டிக் கேக்காதீங்க

வண்டியில விழுந்து பயந்து போனவங்கள எப்படி தேத்துறதுன்னு கேட்ட போஸ்ட்டுக்குக் கீழ ஒருத்தர் சொல்லியிருந்தாரு: "அடி படலல்ல, அப்ப அன்னிக்கே உக்கார வச்சு நடந்தத முழுசா சொல்ல வைங்க, அப்பதான் பயம் போகும்."

இல்லங்க, இது தப்பு. அவங்களா பேசுனா கேக்கலாம், ஆனா அன்னிக்கே வற்புறுத்திப் பேச வைக்கிறது பின்னாடி வர்ற பயத்த தடுக்காது, உலக சுகாதார நிறுவனமே அப்படி செய்ய வேணாம்னுதான் சொல்லுது. போன மாசம் என் ஃப்ரெண்டு கோரிப்பாளையம் சிக்னல் தாண்டி ஸ்கூட்டியோட சாஞ்சுட்டா, முழங்கையில சிராய்ப்பு மட்டும்தான், ஆனா கை நடுக்கத்துல போன் லாக்கத் தொறக்க முடியல, பக்கத்துல ஒருத்தர் "எவன்மா இடிச்சான், நீ எவ்ளோ ஸ்பீடுல வந்த"ன்னு கேட்டுட்டே இருந்தாரு, அவ இன்னும் ஜாஸ்தியா அழுதா. நான் ஓரமா நெழல்ல உக்கார வச்சு, "முடிஞ்சிருச்சுடி, நான் இருக்கேன், வீட்டுக்கு யாருக்கு போன் போடணும்"னு மட்டும் கேட்டேன். அரை மணி நேரத்துல நடுக்கம் நின்னுச்சு. வீட்டுல அவங்கம்மா மிளகா சுத்திப் போட்டாங்க, போடட்டுமே!

அதே போஸ்ட்டுல டீ குடுக்கச் சொன்ன அண்ணன் பாதி கரெக்ட், ஆனா தலையில அடி பட்டுச்சா, ஹெல்மெட்ல கீறல் இருக்கான்னு பாத்துட்டு குடுங்க. வாந்தி, கூடிட்டே போற தலவலி, எழுப்புனா முழிக்காத தூக்கம், இதுல ஒண்ணு இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. கழுத்து வலி சில சமயம் மறுநாள்தான் தெரியும், அதனால மறுநாளும் போன் பண்ணுங்க.

தூக்கம் வராதது, ஹார்ன் சத்தத்துக்கு திடுக்கிடுறதெல்லாம் பெரும்பாலும் சில வாரத்துல தானா கொறையும், ஒரு மாசம் தாண்டியும் கொறையலன்னா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. மறுநாளே வண்டிய எடுத்துப் பயத்த போக்கிட்டேன்னு அங்க கமெண்ட்ல சொன்ன அக்காவுக்கு அது ஒத்து வந்திருக்கு, என் ஃப்ரெண்டு இன்னும் பின்னாடி சீட்லதான் வர்றா.