ஒரு வழக்கு முடிந்தால் மறுபடி போட முடியாதா?

“ஒரே குற்றத்துக்கு ரெண்டு தடவை கேஸ் போட முடியாது, அரசியல் சாசனமே சொல்லுது” என்று அடித்துச் சொல்கிறவர்கள் பலர் உறுப்பு 20(2)-ஐ முழுசாகப் படிப்பதில்லை. அது வழக்கும் நடந்து தண்டனையும் வாங்கியவருக்குத்தான் பாதுகாப்பு. விடுதலையானவரைக் காப்பது சாதாரணச் சட்டம்தான்: பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 300, இப்போது அதன் இடத்தில் வந்திருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, அதாவது பி.என்.எஸ்.எஸ்., பிரிவு 337. என்னைக் கேட்டால் நீதிமன்றத்தில் முதலில் நீட்ட வேண்டியது இதைத்தான். ஏனென்றால் இது இன்னும் அகலமானது. அதே சம்பவத்தை வைத்து முதல் வழக்கிலேயே மாற்றாகச் சுமத்தியிருக்கக்கூடிய வேறு குற்றச்சாட்டையும் இது தடுக்கும்.

அதிகம் பேர் ஏமாறுவது டிஸ்சார்ஜ் உத்தரவில். குற்றச்சாட்டு வனையும் முன்பே ‘போதிய முகாந்திரம் இல்லை’ என்று மாஜிஸ்ட்ரேட் விடுவித்தால், வீட்டில் ஸ்வீட் வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். ஆனால் அது விடுதலை ஆகாது என்று 337-இன் விளக்கமே சொல்கிறது. புது ஆதாரம் வந்தால் வழக்கும் திரும்ப வரலாம். உத்தரவின் கடைசிப் பத்தியில் எந்தப் பிரிவு போட்டிருக்கிறது என்று பாருங்கள். 250, 262 என்றால் டிஸ்சார்ஜ்.

விதிவிலக்குகளில் நியாயமானது 337(3). ஒருவரை அடித்துக் கொடுங்காயம் ஏற்படுத்தியதற்காகத் தண்டனை ஆகிவிட்டது. அதன் பிறகு, அந்தக் காயத்தாலேயே அடிபட்டவர் இறந்துபோகிறார். இப்போது மரணம் விளைவித்த குற்றத்துக்குத் தனியாக விசாரிக்கலாம், ஏனென்றால் தண்டித்த நாளில் அந்த மரணம் நடக்கவில்லை. தீர்ப்புக்கு முன்பே இறந்து, அது நீதிமன்றத்துக்கும் தெரிந்திருந்தால் இந்த உட்பிரிவு உதவாது. ஆனால் முதலில் விசாரித்த மாஜிஸ்ட்ரேட்டுக்குக் கொலை வழக்கை விசாரிக்கவே அதிகாரம் கிடையாது. அப்போது 337(4) வழியாக செஷன்ஸ் நீதிமன்றத்துக்குப் போக இடமுண்டு. இந்த இரண்டாவது கதவைப் பலர் கவனிப்பதில்லை.

எனக்கு இன்னும் உறுத்துவது மக்பூல் ஹுசைன் வழக்கு. 1949-இல் ஜெட்டாவிலிருந்து பம்பாய் வந்தவரிடம் சுமார் 107 தோலா தங்கத்தைச் சுங்கத்துறை பறிமுதல் செய்தது. பிறகு அந்நியச் செலாவணிச் சட்டத்தில் வழக்கும் போட்டார்கள். சுங்க அதிகாரி நீதிமன்றம் அல்ல, ஆகவே இது இரண்டாவது விசாரணை அல்ல என்றது உச்ச நீதிமன்றம், 1953-இல். சட்டப்படி சரி, தங்கத்தைப் பறிகொடுத்தவனிடம் ‘இது தண்டனையே இல்லை’ என்று சொல்லிப் பாருங்கள்! பணம் கையாடியதாகத் துறை விசாரணையில் வேலை போன அரசு ஊழியர் மீது அதே பணத்துக்காகக் கிரிமினல் வழக்கும் வருவது இதே தர்க்கத்தில்தான்.

‘ஏற்கெனவே விசாரித்து முடிந்த வழக்கு’ என்ற ஆட்சேபணையை வாய்மொழியாகச் சொல்லிப் பயனில்லை. முந்தைய தீர்ப்பு, குற்றச்சாட்டு இரண்டுக்கும் சான்றிட்ட நகல் வாங்குங்கள். தேதி, இடம், ஆள், பிரிவு ஆகியவற்றைப் புதுக் குற்றப்பத்திரிகையோடு வரிக்கு வரி ஒப்பிட்டு, குற்றச்சாட்டு வனையும் முன்பே மனுவாகப் போடுங்கள். முந்தைய தீர்ப்பு மேல்முறையீட்டில் ரத்தாகியிருந்தால் அந்த நகலுக்கு மதிப்பில்லை. தீர்ப்பு அமலில் இருக்கும்வரைதான் தடை.