வங்கதேசம் டிசம்பர் போரில் மட்டும் பிறந்ததா?

“1971 டிசம்பரில் இந்தியா போரிட்டுப் பிரித்ததால்தான் வங்கதேசம் உருவானது, அங்குள்ள மக்கள் அதைக் கேட்கவே இல்லை.”

இது தவறு. அன்று அது பாகிஸ்தானின் கிழக்குப் பகுதி. உருதுவோடு வங்கமொழியும் அரசுமொழியாக வேண்டுமென்று 1952 பிப்ரவரி 21 அன்று தடையை மீறித் திரண்ட டாக்கா மாணவர்கள்மீது காவல்துறை சுட்டதில் சிலர் உயிரிழந்தனர். 1956 அரசமைப்பு அக்கோரிக்கையை ஏற்றபோதும், அதிகாரத்தில் உரிய பங்கு கிடைக்காத மனக்குறை ஆறவில்லை.

1970 டிசம்பரில் நடந்த பாகிஸ்தான் தேசிய அவைத் தேர்தலில் முஜிபுர் ரகுமானின் அவாமி லீக் கட்சி, கிழக்கில் தேர்தல் நடந்த 162 பொதுத் தொகுதிகளில் 160ஐ வென்றது. மொத்தப் பொது இடங்கள் 300 என்பதால், மேற்கில் ஓரிடமும் வெல்லாமலேயே தனிப்பெரும்பான்மை பெற்றது. தகராறு வாக்கு எண்ணிக்கையில் அன்று, முடிவை ஏற்பதில்தான் எழுந்தது. மேற்கில் அதிக இடங்களை வென்ற கட்சியின் தலைவர் புட்டோ புறக்கணிப்பதாக அறிவித்திருந்த நிலையில், மார்ச் 3இல் டாக்காவில் கூடவிருந்த தேசிய அவையைப் பாகிஸ்தான் அதிபர் யாஹியா கான் மார்ச் 1 அன்று ஒத்திவைத்தார். கிழக்கில் ஒத்துழையாமை வெடித்தது.

மார்ச் 25 இரவு இராணுவம் டாக்காவில் தாக்குதலைத் தொடங்கியது, மறுநாளே விடுதலை அறிவிக்கப்பட்டது. இந்தியாவின் பங்கு பெரிதுதான். ஆனால் முழுப்போர் மூண்டது டிசம்பர் 3இல்தான்.